யோகா வகுப்புக்கு வலைத்தளம்: டைம்டேபிள், மாதக் கட்டணம், இலவச வகுப்பு. கட்டும் முன் தாளில் முடிவு செய்ய வேண்டியவை

கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வீட்டு மாடி ஹாலில் நடக்கும் யோகா வகுப்பு அது. நெருக்காமல் விரித்தால் 14 மேட் கொள்ளும். காலையில் 6 மணி, 7.15, பெண்களுக்கு மட்டும் 10 மணி, மாலையில் 5.30, 6.45. ஆக 5 பேட்ச். மாதக் கட்டணம் 1,800 ரூபாய். யார் பீஸ் கட்டினார்கள் என்பது வகுப்பை நடத்தும் மேடம் கையில் இருந்த நோட்டில் இருந்தது. இன்று வகுப்பு உண்டா இல்லையா என்பது வாட்ஸ்அப் குழுவில் இருந்தது. புதிதாக வருபவர்கள் போன் செய்து, "நாளைக்கு ஒரு நாள் வந்து பார்க்கலாமா?" என்று கேட்பார்கள். இந்த மூன்றையும் ஒரு தளத்துக்குள் கொண்டுவரும் வேலை என்னிடம் வந்தது.

முதல் முறையாக இப்படி ஒரு தளம் போடப் போகிறவர்களுக்காக, அந்த வேலையை வைத்தே சொல்கிறேன். தீம், நிறம், சூரிய நமஸ்காரப் படம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். டைம்டேபிள், பணம், இலவச வகுப்பு என்று மூன்று தனி வேலைகளாகத் தெரிந்தாலும், மூன்றும் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: இந்த ஆளுக்கு, இந்தத் தேதியில், இந்த வகுப்பில் ஒரு மேட் உண்டா? எந்த நேரத்தில் கேட்டாலும் தளம் இதற்குச் சரியான பதில் சொல்ல வேண்டும். அதற்கான விதிகளை மேடத்தோடு உட்கார்ந்து தாளில் எழுத எங்களுக்கு இரண்டு மாலை பிடித்தது. அதன் பிறகுதான் கம்ப்யூட்டரைத் திறந்தோம்.

பேட்ச் வேறு, வகுப்பு வேறு

"திங்கள், புதன், வெள்ளி காலை 6 மணி" என்பது பேட்ச். "ஜூன் 15, திங்கள், காலை 6 மணி" என்பது ஒரு வகுப்பு. பேச்சில் இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுவோம். தளத்தில் இரண்டும் தனித்தனி அட்டவணைகளில் இருக்க வேண்டும். பேட்ச் என்பது விதி: எந்தக் கிழமைகள், எத்தனை மணி, எத்தனை மேட், எந்த டீச்சர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை. அந்த விதியைப் பார்த்து, தினமும் இரவில் ஓடும் ஒரு சிறு நிரல் அடுத்த நான்கு வாரங்களுக்கான வகுப்புகளைத் தேதி போட்டு உருவாக்கி வைக்கும்.

இதனால் என்ன லாபம் என்றால், ஒரு நாள் டீச்சருக்குக் காய்ச்சல் வந்தால் அந்த ஒரு வகுப்பை மட்டும் ரத்து செய்யலாம், அல்லது அதில் மட்டும் டீச்சர் பெயரை மாற்றலாம். பொங்கலுக்கு மூன்று நாள் விடுமுறை என்றால் அந்த மூன்று தேதிகளின் வகுப்புகளை மட்டும் எடுத்துவிடலாம். பேட்ச்சின் விதியில் கை வைக்க வேண்டியதே இல்லை.

நேரத்தையே நிரந்தரமாக மாற்றும்போதுதான் தவறு நடக்கும். நான் முன்பு செய்த ஒரு தளத்தில் வகுப்புக்கெனத் தனி அட்டவணை கிடையாது. மாலை 5.30 பேட்ச்சை 5.45 என்று மாற்றியதும், போன மூன்று மாத வருகைப் பதிவும் 5.45 என்று மாறிவிட்டது. வகுப்புக் கணக்கில் சம்பளம் வாங்கும் டீச்சர் தன் கையிலிருந்த குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்துக் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. அன்றிலிருந்து நேரம் மாறினால் பழைய பேட்ச்சுக்கு ஒரு முடிவுத் தேதி போட்டு மூடிவிட்டு, புதிய பேட்ச் ஒன்றைத் தொடங்குகிறேன். நடந்து முடிந்த வகுப்பை எதுவும் தொடக்கூடாது.

மேட் யாருக்கு?

வெளிநாட்டு யோகா ஸ்டுடியோக்களை மனத்தில் வைத்துச் செய்த மென்பொருள்கள் பலவற்றில், உறுப்பினர் ஒவ்வொரு வகுப்புக்கும் தானே முன்பதிவு செய்ய வேண்டும். நம் ஊரில் பழக்கம் அப்படி இல்லை. "நான் காலை ஆறு மணி பேட்ச்" என்றுதான் சொல்வார்கள். பீஸ் கட்டிவிட்டால் அந்த மேட் தனக்கு என்று வந்துவிடுவார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் தினமும் போனில் புக் செய்யுங்கள் என்றால் பத்து நாளில் யாரும் செய்ய மாட்டார்கள், டீச்சர் மறுபடியும் நோட்டுக்குத் திரும்பிவிடுவார்.

ஆகவே தலைகீழாக வைத்தோம். வகுப்பு உருவாகும்போதே, அந்த பேட்ச்சில் இருப்பவர்களின் பெயரில் மேட் பதிவாகிவிடும். வர முடியாதவர் மட்டும் "நாளை வரவில்லை" என்ற பொத்தானை அழுத்தினால் போதும். அந்த மேட் விடுபட்டு, வேறு பேட்ச்சிலிருந்து ஒரு நாள் மாறி வர நினைப்பவருக்கோ, இலவச வகுப்புக்கு வருபவருக்கோ கிடைக்கும். 7.15 பேட்ச்சில் 11 பேர் என்றால் 3 மேட் எப்போதும் காலி. 6 மணி பேட்ச்சில் 14 பேரும் நிரம்பியிருந்தால், யாராவது வரவில்லை என்று சொன்னால்தான் காலி.

"வரவில்லை" என்று சொல்வதற்குக் கடைசி நேரம் எது என்பதையும் தாளிலேயே எழுதுங்கள். பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு முன் என்று வைப்பார்கள். காலை 6 மணி வகுப்புக்கு அது விடியற்காலை 4 மணி. அப்போது விடுபட்ட மேட்டைத் தூக்கத்தில் இருக்கும் யாருக்குக் கொடுப்பது? காலை பேட்ச்களுக்கு முந்தைய இரவு 9 மணி, மாலை பேட்ச்களுக்கு அன்று மதியம் 2 மணி என்று வைத்தோம். காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குச் செய்தி போகும். அரை மணிக்குள் சரி சொல்லாவிட்டால் அடுத்தவருக்கு.

ஒரே ஒரு மேட் மிச்சம் இருக்கும்போது இரண்டு பேர் ஒரே நொடியில் அழுத்தினால் என்ன ஆகும்? முதலில் "காலி இருக்கிறதா" என்று பார்த்துவிட்டு, அடுத்த படியில் பதிவு செய்யும் நிரல் இருவருக்குமே இடம் கொடுத்துவிடும். பார்ப்பதும் எடுப்பதும் ஒரே கட்டளையில் நடக்க வேண்டும்:

```sql
UPDATE classes
SET booked = booked + 1
WHERE id = 412 AND booked < capacity;
```

இதனால் ஒரு வரிசை மாறியிருந்தால் மேட் கிடைத்தது. ஒன்றும் மாறவில்லை என்றால் நிரம்பிவிட்டது. காத்திருப்போர் பட்டியலைக் காட்டுங்கள். இடம் கிடைத்த பிறகு ஆளின் பெயரைப் பதிவதையும் இதே பரிவர்த்தனைக்குள் வையுங்கள்; பாதியில் ஏதாவது முறிந்தால் எண்ணிக்கையும் பழையபடி திரும்பிவிடும்.

டைம்டேபிள் பக்கத்தைப் பற்றி இரண்டு சொல். ஏழு கிழமையையும் ஏழு பத்தியாகப் போட்டால் கம்ப்யூட்டரில் அழகாக இருக்கும், போனில் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டியிருக்கும். பார்ப்பவர்களில் அநேகம் பேர் போனில்தான் பார்க்கிறார்கள். இன்று, நாளை என்று நாள் வாரியாக மேலிருந்து கீழே அடுக்கி, ஒவ்வொரு வகுப்புக்குப் பக்கத்திலும் எத்தனை மேட் காலி என்று காட்டுங்கள். போஸ்டரைப் படமாக ஏற்றி அதையே டைம்டேபிள் என்று வைக்காதீர்கள். தேடுபொறிக்கும் அது புரியாது, நேரம் மாறினால் படத்தை மாற்ற யாருக்கும் ஞாபகம் வராது.

மாதக் கட்டணம்: ஆட்டோபே எப்படி நடக்கிறது

இந்தியாவில் மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் விதிகள் உண்டு. கார்டுகளுக்கு அவை 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. யுபிஐ ஆட்டோபேயும் இதே வழியில்தான் போகிறது. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது மூன்று. வாடிக்கையாளர் முதல் முறை பின் நம்பரோ ஓடிபியோ போட்டு அனுமதி கொடுக்க வேண்டும். இதைத்தான் மாண்டேட் என்கிறார்கள். ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பு அவருக்குத் தகவல் போக வேண்டும். நம்மைப் போன்ற கட்டணங்களுக்கு 15,000 ரூபாய் வரை, அனுமதி கொடுத்த பிறகு மாதாமாதம் பின் நம்பர் போடத் தேவையில்லை. 1,800 ரூபாய் தாராளமாக அதற்குள் வந்துவிடும்.

இந்த வேலையைப் பேமெண்ட் கேட்வே நிறுவனம் செய்துகொடுக்கும். ஆனால் கேட்வேயில் கணக்கு தொடங்கிவிட்டதாலேயே தொடர் கட்டண வசதி கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பல இடங்களில் அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு முன்பே உங்கள் தளத்தில் விதிமுறைகள், தனியுரிமை, ரத்து மற்றும் பணம் திருப்பித் தருதல், தொடர்பு முகவரி ஆகிய பக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். எனவே இந்த நான்கு பக்கங்களையும் முதல் வாரத்திலேயே எழுதிப் போட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

மாண்டேட் போடும்போது ஒரு உச்ச வரம்பு கேட்கும். அடுத்த வருடம் பீஸ் 2,000 ஆகலாம் என்று நினைத்து வரம்பை 2,500 என்று வைத்தால், உறுப்பினரின் யுபிஐ திரையில் 2,500 ரூபாய் வரை எடுக்க அனுமதி என்று தெரியும். அதைப் பார்த்துவிட்டு, "மேடம், ஆயிரத்து எட்டுநூறு என்றுதானே சொன்னீர்கள்?" என்று போன் வரும். வரம்பை 1,800 என்றே வைத்தால், பீஸ் ஏறும் நாளில் எல்லோரிடமும் புதிய மாண்டேட் வாங்க வேண்டும். நாங்கள் 2,500 வைத்தோம், ஆனால் பணம் கட்டும் பொத்தானுக்கு மேலேயே, "உங்கள் ஆப்பில் 2,500 வரை என்று காட்டும். எடுக்கப்படுவது மாதம் 1,800 மட்டுமே. கட்டணம் மாறினால் ஒரு மாதம் முன்பே சொல்வோம்" என்று எழுதினோம். இதை எழுதிய பிறகு அந்தப் போன்கள் நின்றுவிட்டன.

அடுத்தது தேதி. சேர்ந்த தேதியிலேயே மாதாமாதம் எடுப்பது எளிது. ஆனால் 31ஆம் தேதி சேர்ந்தவருக்குப் பிப்ரவரியில் என்ன செய்வது என்ற கேள்வி வரும், மாதக் கடைசியில் கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பும். எல்லோருக்கும் 5ஆம் தேதி என்று வைத்தோம். சம்பளம் வந்திருக்கும், மேடமும் பாக்கிப் பட்டியலை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். இடையில் சேர்பவருக்கு முதல் முறை மட்டும் நாள் கணக்கு. ஜூன் 18 அன்று சேர்ந்தால் ஜூலை 4 வரை 17 நாள். 1,800ஐ 30ஆல் வகுத்தால் நாளுக்கு 60. ஆக 1,020 ரூபாய். ஜூலை 5 முதல் முழுக் கட்டணம்.

எதுவரை கட்டியிருக்கிறார்?

ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரே ஒரு தேதியை வைத்துக்கொள்ளுங்கள்: எந்த நாள் வரைக்கும் பணம் கட்டியிருக்கிறார். அட்டவணையில் அந்தத் தேதி இருக்கும் பத்திக்கு நான் `paid_until` என்று பெயர் வைத்தேன். மேலே சொன்னவருக்கு அது ஜூலை 4. ஜூலை 5 தவணை வந்ததும் ஆகஸ்ட் 4. மேட் உண்டா இல்லையா என்ற கேள்விக்கு இந்தத் தேதியைப் பார்த்தால் போதும். "ஆக்டிவ்", "பெண்டிங்" என்று பத்து நிலைகளை வைத்துக்கொண்டு குழம்ப வேண்டியதில்லை.

இந்தத் தேதியை யார் நகர்த்துவது? பணம் கட்டி முடித்ததும் "நன்றி" பக்கம் திறக்கிறதே, அதை நம்பி நகர்த்தாதீர்கள். நெட் விட்டுப்போனால் பணம் போயிருந்தும் அந்தப் பக்கம் திறக்காது. இரண்டாம் மாதத்திலிருந்து உறுப்பினர் தளத்துக்கே வர மாட்டார், பணம் தானாகப் போகும். கேட்வே உங்கள் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் தகவல்தான் கணக்கு. வெப்ஹுக் என்பது அதுதான். உதாரணத்துக்கு ரேசர்பே என்ற கேட்வேயில் தவணை வெற்றிகரமாக வந்தால் `subscription.charged` என்றும், தவணை தவறி மறுமுயற்சியில் இருந்தால் `subscription.pending` என்றும், முயற்சிகள் எல்லாம் தீர்ந்தால் `subscription.halted` என்றும் வரும். வந்த தகவல் உண்மையிலேயே கேட்வே அனுப்பியதுதானா என்று அதன் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே உள்ளே விடுங்கள். இல்லையென்றால் அந்த முகவரி தெரிந்த யாரும் பணம் கட்டியதாகச் சொல்லிவிடலாம்.

ஒரே தகவல் இரண்டு முறை வருவதும் உண்டு. உங்கள் சர்வர் பதில் சொல்லத் தாமதித்தால் கேட்வே மறுபடியும் அனுப்பும். தகவல் வரும்போதெல்லாம் "ஒரு மாதம் கூட்டு" என்று எழுதியிருந்தால் ஒரு தவணைக்கு இரண்டு மாதம் போய்விடும். இதைத் தடுக்க, பணம் கட்டிய எண்ணை முதன்மைச் சாவியாக வைத்து, அந்தப் பணம் எந்தத் தேதி வரைக்கானது என்பதையும் அதிலேயே எழுதுங்கள்:

```sql
CREATE TABLE payments (
  payment_id   VARCHAR(64) PRIMARY KEY,
  member_id    INT NOT NULL,
  amount_paise INT NOT NULL,
  covers_until DATE NOT NULL
);
```

அதே எண் மறுபடி வந்தால் அட்டவணையே ஏற்காது. தொகையைப் பைசாவில் வைத்திருப்பதைக் கவனியுங்கள். ரேசர்பேயில் 1,800 ரூபாய் என்பது 180000. இரண்டு பூஜ்யத்தை மறந்தால் 18 ரூபாய்தான் வரும்.

தவணை திரும்பினால்

முதல் மாதம் எல்லாம் சரியாகவே நடக்கும். இரண்டாம் மாதம் 5ஆம் தேதிதான் வேலை. அதை நாள் வாரியாக எழுதி வைத்தோம்.

ஜூலை 5 அன்று ஒருவரின் தவணை, கணக்கில் பணம் இல்லாமல் திரும்பியது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய தேதி ஜூலை 4லேயே நிற்கிறது. வகுப்புக்குத் தடையில்லை, நான்கு நாள் அவகாசம், அதாவது 8ஆம் தேதி வரை. அன்று மாலை அவருக்கு மட்டும் ஒரு செய்தி போகும்: தவணை திரும்பியது, மறுபடி முயற்சி நடக்கும், இப்போதே கட்ட வேண்டும் என்றால் இந்த இணைப்பு. 7ஆம் தேதியும் வரவில்லை என்றால் மேடத்தின் திரையில் அவர் பெயர் ஏறும். மேடம் வகுப்பு முடிந்ததும் தனியாக ஒரு வார்த்தை சொல்வார். வாசலில் செக்-இன் திரையில் சிவப்பாகக் காட்டலாம் என்று நான் முதலில் சொன்னேன். மேடம் ஒரேயடியாக மறுத்துவிட்டார். பத்து வருடமாக வருபவரை நாலு பேர் முன்னால் அப்படி நிறுத்தக்கூடாது என்றார். அவர் சொன்னதுதான் சரி.

9ஆம் தேதி காலை வரை வரவில்லை என்றால், அவர் பெயரில் முன்கூட்டியே பதிவான மேட்டுகள் விடுபடும். அவர் 10ஆம் தேதி கட்டினாலும் அந்தப் பணம் ஆகஸ்ட் 4 வரைக்குத்தான். கட்டிய நாளிலிருந்து புது மாதம் ஓடாது. இதை முன்பே முடிவு செய்யாவிட்டால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தேதி உருவாகிவிடும்.

இதில் ஒரு குழி உண்டு. நீங்கள் தனியாக அனுப்பிய இணைப்பில் அவர் 6ஆம் தேதி கட்டிவிடுகிறார். 7ஆம் தேதி கேட்வேயின் மறுமுயற்சியும் வெற்றி பெறுகிறது. 3,600 ரூபாய் போய்விட்டது. பணம் கட்டிய எண்கள் வேறு வேறு என்பதால் மேலே சொன்ன அட்டவணை இதைத் தடுக்காது. முடிந்தவரை அந்தத் தவணைக்கென்று கேட்வேயே தரும் இணைப்பை அனுப்புங்கள். அதில் கட்டினால் மறுமுயற்சி நின்றுவிடும். அப்படியும் ஒரே உறுப்பினருக்கு ஒரே `covers_until` தேதியோடு இரண்டு பணம் வந்தால், தேதியை நகர்த்தாமல் மேடத்துக்குத் தெரிவிக்கும்படி வையுங்கள். அன்றே திருப்பி அனுப்பிவிடலாம்.

இன்னொன்று, உறுப்பினர் தன் யுபிஐ ஆப்பிலிருந்தே மாண்டேட்டை நீக்கிவிடலாம், உங்களைக் கேட்க வேண்டியதில்லை. அப்படிச் செய்தாலும் கட்டிய தேதி வரை அவருக்கு வகுப்பு உண்டு. உங்கள் தளத்திலும் ரத்து செய்யும் பொத்தானைத் தேடாமல் கிடைக்கும் இடத்தில் வையுங்கள். அதை ஒளித்து வைத்தால், எரிச்சலோடு போகிறவர் தெருவெல்லாம் சொல்லிவிட்டுப் போவார்.

ஜிஎஸ்டி பற்றி மேடம் கேட்டார். சேவைகளுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். 5 பேட்ச்சும் நிரம்பி 70 பேர் கட்டினாலும் வருடத்துக்கு 15,12,000 ரூபாய். ஆக இப்போதைக்கு இல்லை. பதிவு செய்தவர்களுக்கு, யோகா மையங்களின் வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. ரசீதில் வரிக்கு ஒரு இடம் விட்டு வையுங்கள், மற்றதை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

இலவச வகுப்பு

"7 நாள் இலவசம், பிறகு தானாகக் கட்டணம்" என்ற முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதலிலேயே மாண்டேட் வாங்கிவிட்டு, எட்டாவது நாள் பணம் எடுப்பது. சின்ன யோகா வகுப்புக்கு இது வேண்டாம் என்பேன். வந்து பார்க்க நினைப்பவரிடம் யுபிஐ பின் நம்பர் கேட்டால் பாதியிலேயே மூடிவிட்டுப் போய்விடுவார். மறந்துபோய் எட்டாம் நாள் 1,800 பிடிக்கப்பட்டவர், பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டாலும் மறுபடி வர மாட்டார். அவர் அடுத்த தெருக்காரர் வேறு.

நாள் கணக்கும் சரிப்படாது. வியாழக்கிழமை பதிவு செய்துவிட்டு, ஊருக்குப் போய் வந்தால் ஏழு நாளில் ஒரு வகுப்புக்கூடக் கிடைக்காது. நாங்கள் வைத்தது: முதல் வகுப்பு நடந்த நாளிலிருந்து 10 நாளுக்குள் 3 வகுப்பு, பணம் எதுவும் கிடையாது, காலி மேட் உள்ள எந்த பேட்ச்சிலும். ஒரு வகுப்புக்கு இரண்டு புதியவர்களுக்கு மேல் இல்லை. இந்தக் கடைசி விதி டீச்சருக்காக. புதியவரின் முழங்காலையும் மூச்சையும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். நான்கு பேர் புதிதாக வந்தால் மற்ற பத்துப் பேருக்கு அன்று வகுப்பே நடக்காது.

படிவத்தில் பெயர், போன் நம்பர், எந்த வகுப்பு, உடல்நிலை பற்றி ஒரு கேள்வி. அவ்வளவு போதும். மின்னஞ்சல் கேட்டோம், பாதிப் பேர் தவறாகப் போட்டார்கள், எடுத்துவிட்டோம். உடல்நிலைக் கேள்வியை விரிவான படிவமாக்க வேண்டாம். ரத்த அழுத்தம், முதுகு அல்லது கழுத்து வலி, சமீபத்தில் அறுவை சிகிச்சை, கர்ப்பம் என்று நான்கு கட்டங்கள், "எதுவும் இல்லை" என்று ஒன்று. இது எதற்கு, யார் பார்ப்பார்கள் என்று கீழே ஒரு வரி எழுதி ஒப்புதல் வாங்குங்கள். வகுப்பெடுக்கும் டீச்சருக்கு மட்டும் இது தெரிந்தால் போதும். சேராமல் போனவர்களின் பதிலை ஒரு மாதத்தில் அழித்துவிடும்படி வைத்திருக்கிறோம்.

ஒரு நம்பருக்கு ஒரு முறைதான் இலவசம். அதற்கு ஓடிபி வேண்டும். எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி அனுப்ப, உங்கள் நிறுவனப் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் தொலைபேசி நிறுவனங்களின் டிஎல்டி தளத்தில் முன்பே பதிய வேண்டும். வாசகத்தில் ஒரு சொல் மாறினாலும் செய்தி போகாது. ஒப்புதலுக்கு நாள் பிடிக்கும் என்பதால், இதையும் கேட்வே விண்ணப்பத்தோடு சேர்த்து முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். கணவனும் மனைவியும் ஒரே நம்பரில் பதிவதும் நடக்கும். அப்போது மேடம் கையால் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ள ஒரு வழி வையுங்கள்.

மூன்றாவது வகுப்பு முடிந்த அன்று மாலை ஒரே ஒரு செய்தி. அவர் வந்த பேட்ச்சே முன்கூட்டித் தேர்வாகியிருக்க, நாள் கணக்கில் இன்று எவ்வளவு, 5ஆம் தேதியிலிருந்து எவ்வளவு என்று தெரியும்படி சேரும் பக்கத்தின் இணைப்பு. இரண்டு நாளுக்கு அந்த பேட்ச்சில் ஒரு மேட் அவருக்காக நிற்கும். அதற்குப் பிறகு நச்சரிக்கும் செய்தி எதுவும் கிடையாது.

திறப்பதற்கு முன்

கேட்வேயின் சோதனை முறையில் எல்லாம் ஓடிவிடும். உண்மையான வங்கி எப்படி நடந்துகொள்ளும் என்று அதில் தெரியாது. வாரம் 10 ரூபாய் என்று ஒரு மறைவான திட்டம் போட்டு, நானும் டீச்சரும் மேடத்தின் மகனும் வெவ்வேறு வங்கிக் கணக்கிலிருந்து சேர்ந்தோம். ஒருவர் ஒழுங்காகக் கட்டினார். ஒருவர் வேண்டுமென்றே கணக்கைக் காலியாக வைத்தார். மூன்றாமவர் இரண்டாம் வாரத்தில் யுபிஐ ஆப்பிலிருந்து மாண்டேட்டை நீக்கினார். முன்னறிவிப்பு எப்போது வருகிறது, என்ன பெயரில் வருகிறது என்று போனில் பார்த்தோம். பணம் எடுக்கும் செய்தியில் யோகா வகுப்பின் பெயர் வராமல், கணக்கு தொடங்கும்போது கொடுத்த மேடத்தின் சொந்தப் பெயர் வந்தது. உறுப்பினர்கள் பார்த்தால் பயந்திருப்பார்கள். கேட்வேயிடம் சொல்லி மாற்றினோம்.

ஏற்கெனவே இருந்த 52 பேரை என்ன செய்வது? நோட்டிலிருந்து ஒவ்வொருவரின் பெயர், நம்பர், பேட்ச், எதுவரை கட்டியிருக்கிறார் என்ற நான்கையும் ஒரு எக்செல் தாளில் எழுதி உள்ளே ஏற்றினோம். மாண்டேட்டை யார் சார்பிலும் நாம் போட முடியாது, அவரவரே பின் நம்பர் போட வேண்டும். ஆகவே ஒரே நாளில் எல்லோரையும் மாற்றாமல், அவரவர் பணம் முடியும் வாரத்தில் வகுப்பு முடிந்ததும் போனைக் கையில் வாங்காமல் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுத்தோம். இரண்டு மாதத்தில் 38 பேர் ஆட்டோபேக்கு வந்தார்கள்.

மீதிப் பேரில் பலர் வயதானவர்கள், ரொக்கமாகத்தான் தருவார்கள். அவர்களுக்காக மேடத்தின் போனில் ஒரு சிறிய பக்கம்: பெயரைத் தேர்ந்தெடுத்து, தொகையைப் போட்டு, "ரொக்கம்" என்று அழுத்தினால் அதே அட்டவணையில் ஒரு வரி ஏறும், அதே `paid_until` தேதி நகரும், ரசீது வாட்ஸ்அப்பில் போகும். மேட் உண்டா என்று கேட்கும் நிரலுக்குப் பணம் எந்த வழியில் வந்தது என்பதே தெரியாது. பழைய நோட்டை மேடம் இன்னும் மூன்று மாதம் கூடவே எழுதினார். மாதக் கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டோம். மூன்றாம் மாதம் ஒரு வித்தியாசமும் வரவில்லை.